ஐந்து பயிற்சிகள், நாற்பது நிமிடங்கள்

ஒற்றசேகரமங்கலம் போன்ற எல்லையோரச் சிற்றூர்களில் விடியுமுன்னே ரப்பர் வெட்டச் செல்வோருக்கும், இரவு வரை கடையில் நிற்போருக்கும் ஜிம்மில் இரண்டு மணி நேரம் கழிப்பது இயலாத காரியம். அத்தகையோருக்கு ஐந்தே பயிற்சிகள் கொண்ட முறையொன்று உண்டு. 1951, 1958, 1965 ஆகிய ஆண்டுகளில் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் வென்ற ரெக் பார்க் பரப்பிய 'ஐந்துக்கு ஐந்து' முறையின் வழிவந்தது இது.

ஒருநாள் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், ரோ. மறுமுறை ஸ்குவாட், ஓவர்ஹெட் பிரஸ், டெட்லிஃப்ட். வாரத்திற்கு மூன்று நாள், இடையில் ஒருநாள் ஓய்வு. டெட்லிஃப்ட் மட்டும் ஒரே செட். ஏனையவை ஐந்து ஐந்து தூக்கல்களாக ஐந்து செட்கள்.

இருபது கிலோ வெறுங்கம்பியில் ஸ்குவாட் தொடங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். (கம்பியை முதலில் தராசில் வைத்துப் பார்ப்பது நல்லது, பல ஜிம்களில் அது இருபது கிலோ இருப்பதில்லை.) ஒவ்வொரு முறையும் 2.5 கிலோ கூட்டினால், நான்கு வாரங்களில் பன்னிரண்டாம் பயிற்சியன்று அவர் தோளில் 47.5 கிலோ இருக்கும். ஆறு முறையே வரும் ஓவர்ஹெட் பிரஸ் அப்போது 32.5 கிலோவை எட்டியிருக்கும். முதலில் தடைப்படுவது பெரும்பாலும் இதுவே. அடுத்தடுத்து மூன்று முறை ஐந்து செட்டும் முடியாமற்போனால், எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து மீண்டும் ஏறவேண்டும்.

எடை கூடக்கூட நேரமும் நீளும் என்பதைத்தான் பலர் எதிர்பார்ப்பதில்லை. தொடக்கத்தில் செட்டுகளுக்கிடையே ஒன்றரை நிமிட ஓய்வு போதும். பின்னர் மூன்று நிமிடம் தேவைப்படும். பதினைந்து செட்களுக்கு ஓய்வும் தூக்கலுமாக ஒரு மணி நேரம் ஆகிவிடும். ஓய்வைச் சுருக்குவது தவறான வழி. மூச்சு திரும்பாமல் தூக்கினால் நிலை குலையும். செட்களை மூன்றாகக் குறைப்பதே எங்கள் பரிந்துரை. ஒன்பது செட், நான்கு நிமிடம் வீதம், முப்பத்தாறு நிமிடம்.

பிழையை உடலே காட்டும். ஸ்குவாட்டில் முழங்கால்கள் உள்நோக்கி வளைந்தாலோ குதிகால் எழும்பினாலோ எடை மிகுதி. டெட்லிஃப்ட்டில் முதுகு வளையத் தொடங்கினால் அந்த செட்டை அங்கேயே நிறுத்த வேண்டும். பெஞ்ச் பிரஸ் தனியாகச் செய்வோர் கம்பியின் பூட்டுகளை மாட்டாதிருப்பது நலம். சிக்கிக்கொண்டால் கம்பியைச் சாய்த்துத் தகடுகளைக் கழற்றிவிடலாம். இரத்த அழுத்தம் உடையோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும்.

ஊர்ப்புற ஜிம்களில் மிகச் சிறிய தகடு பெரும்பாலும் 2.5 கிலோதான், பக்கத்திற்கு ஒன்றாக மாட்டினால் ஐந்து கிலோ கூடிவிடும். ஆகவே 1.25 கிலோ தகடுகள் இரண்டைச் சொந்தமாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளலாம்.