புதன்கிழமை மட்டும்

மருந்துக் கடை கவுண்டரில் நின்று எத்தனையோ சீட்டுகளைப் படித்திருக்கிறேன். எழுத்து புரியாத சீட்டுக்கு நான் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. டாக்டருக்கு போன் போட்டுக் கேட்டுவிடுவேன். புரிந்துவிட்டது என்று தோன்ற வைத்து, வேறு பொருள் தரும் சீட்டுதான் ஆளைக் கொல்லும்.

ஒருநாள் ஒரு அம்மா நீட்டிய சீட்டில் மெத்தோட்ரெக்சேட் 7.5 மி.கி. என்று இருந்தது. பக்கத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள். 'ஓ.டி.'யா, 'ஓ.டபிள்யூ.'வா என்று தெரியவில்லை. முன்னது தினம் ஒருமுறை, பின்னது வாரம் ஒருமுறை. முடக்குவாதத்துக்கு இந்த மருந்தை வாரத்தில் ஒரே நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் விழுங்கினால் வாய் புண்ணாகும், எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்குவது குறையும், காய்ச்சல் வரும், உயிரே போகலாம். போதாக்குறைக்கு, கண் டாக்டர் சீட்டில் அதே 'ஓ.டி.'க்கு வலது கண் என்று பொருள்.

"வாரத்துல ஒரு நாளாம்மா, தினமுமா?"

"தெரியலையேப்பா. எல்லாம் சீட்டுல இருக்குன்னாரு."

அந்த வரியை இப்படி எழுதியிருந்தால் நான் கேட்டிருக்கவே மாட்டேன்: '2.5 மி.கி. மாத்திரை, 3 மாத்திரை ஒரே வேளையில், வாரம் ஒருமுறை, புதன்கிழமை மட்டும், 4 வாரத்துக்கு, மொத்தம் 12.' கிழமையை எழுதிவிட்டால் சுருக்கெழுத்தே வேண்டாம். கடைசியில் உள்ள 12 எனக்குக் காவல் மாதிரி. நான் தினமும் என்று தவறாகப் படித்திருந்தால் நாலு வாரத்துக்கு 84 மாத்திரை வரும். கணக்கு இடித்ததுமே கை நின்றுவிடும்.

புள்ளியிலும் இதே ஆபத்துதான். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரினை '1.0' என்று எழுதி, புள்ளி பேனா அழுத்தத்தில் மறைந்தால் 10 ஆகிவிடும், பத்து மடங்கு. முழு எண்ணுக்குப் பின்னால் சைபர் வேண்டாம், வெறும் 1 போதும். ஒன்றுக்குக் குறைந்த அளவுக்கு மட்டும் முன்னால் சைபர் கட்டாயம் வேண்டும், '.5' என்பதில் புள்ளி மங்கினால் 5 ஆகும், '0.5' என்றால் அந்தச் சைபரே நம்மை உஷார்ப்படுத்தும்.

இன்சுலின் சீட்டில் யூனிட்டுக்கு 'யு' என்ற ஒற்றை ஆங்கில எழுத்தைப் போடுவார்கள். வேகமாக எழுதும்போது அதன் வாய் மூடிக்கொண்டால் சைபர் போலிருக்கும். 10 யூனிட் 100 ஆகப் படிக்கப்படும். சர்க்கரை படுவேகமாக இறங்கி நோயாளி மயங்கிவிடுவார். எண்ணுக்குப் பின் இடம் விட்டு 'யூனிட்' என்று முழுதாக எழுத இரண்டு விநாடிதான் ஆகும். மைக்ரோகிராமும் அப்படித்தான், அதன் கிரேக்கக் குறி 'எம்' போலத் தெரிந்தால் அளவு ஆயிரம் மடங்காகும்.

டாக்டர் போனை எடுத்தார். வாரம் ஒருமுறைதானாம். கவரில் 'புதன்கிழமை மட்டும், 3 மாத்திரை' என்று பெரிதாக எழுதி, அந்த அம்மாவைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். "புதன்கிழமை மட்டும்" என்றார். இன்னொரு முறையும் சொல்ல வைத்துவிட்டுத்தான் மருந்தைக் கையில் கொடுத்தேன்.