சோலார் ஒயரில் லூஸ் காண்டாக்ட்: ஃப்யூஸ் ஏன் காப்பாற்றாது?

வீட்டில் ஸ்விட்சைத் தட்டும்போது உள்ளே ஒரு பொறி தெரியும், உடனே அணைந்துவிடும். மின்வாரியக் கம்பியில் வருவது ஏ.சி. மின்சாரம். விநாடிக்கு 100 தடவை அது பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புவதால், பொறி பெரும்பாலும் அங்கேயே செத்துவிடும். சோலார் பேனலிலிருந்து இன்வெர்ட்டருக்கு வருவது டி.சி. ஒரே திசையில், இடைவெளியே இல்லாமல் ஓடும். அதில் பிடித்த பொறி வெல்டிங் ராடு முனை மாதிரி நின்று எரியும். இதைத்தான் ஆர்க் என்கிறார்கள்.

எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் 5 எச்.பி. சோலார் பம்ப் ஓடுகிறது. 15 பேனல்கள் வரிசையாகக் கோத்தவை. நல்ல வெயிலில் சுமார் 560 வோல்ட், 8 ஆம்பியர். அதில் ஒரு எம்.சி.4 கனெக்டர் பழுப்பேறி உருகிக் கிடந்தது. பொருத்த வந்தவர்கள் கிரிம்பிங் டூல் இல்லாமல் கட்டிங் பிளேயரால் நசுக்கிவிட்டுப் போயிருந்தார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன், பேங்க் பழக்கம் விடுமா? அந்த இணைப்பில் அரை ஓம் தடை இருந்தாலே 8 x 8 x 0.5 = 32 வாட் சூடு. ரேடியோ மெக்கானிக்கின் சால்டரிங் அயர்ன் அளவு. ஆனால் இழப்பது 560-ல் 4 வோல்ட்தான். தண்ணீர் குறையாது, யாருக்கும் தெரியாது. சூட்டில் பிடி இன்னும் தளர்ந்து, இடைவெளி விழுந்தால் ஆர்க் பிடிக்கும். அப்போது 25 வோல்ட் போனாலும் குண்டூசித் தலை அளவு இடத்தில் 200 வாட்! பேனலுக்கு அடியில் காய்ந்த புல்லோ மூடாக்கோ கிடந்தால் நினைத்துப் பாருங்கள்.

ஃப்யூஸ் போகாதா என்பீர்கள். போகாது. அது கரண்ட் கூடினால்தான் உருகும். இங்கே கரண்ட் கொஞ்சம் குறையத்தான் செய்கிறது.

அதனால்தான் சில இன்வெர்ட்டர்களில் ஏ.எஃப்.சி.ஐ. என்ற வசதி வைக்கிறார்கள். ஆர்க் எரியும்போது கரண்டில் ஒரு கரகரப்பு கலக்கும், பழைய ரேடியோவில் இடி மின்னலின்போது கேட்குமே, அந்த மாதிரி. இன்வெர்ட்டர் அதைக் கவனித்து, ஓரிரு விநாடிகளில் கரண்ட் இழுப்பதை நிறுத்திவிடும். கரண்ட் நின்றால் ஆர்க்கும் அணையும். அமெரிக்காவில் 2011 மின்விதியிலேயே, கட்டடங்களின் மேல் உள்ள சோலாருக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள். நம் பம்ப் கன்ட்ரோலர் எல்லாவற்றிலும் இது இருக்காது, வாங்கும்போதே கேளுங்கள்.

இதற்கும் எல்லை உண்டு. ஆர்க் பிடிக்கும் முன் உள்ள சூட்டை அது அறியாது. பிளஸ் ஒயரும் மைனஸ் ஒயரும் தோல் உரிந்து ஒன்றோடொன்று பொறி அடித்தால், இன்வெர்ட்டர் நின்றாலும் வெயில் இருக்கும்வரை எரியும். எலி கடித்த ஒயரை அப்படியே விடாதீர்கள்.

மோட்டார் ஒரு மணி நேரம் ஓடியபிறகு, தொடாமல் சூடு பார்க்கும் தெர்மாமீட்டரால் கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஓடுவது ஒரே கரண்ட், அதனால் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கணும். ஒன்று மட்டும் 10, 15 டிகிரி கூட இருந்தால் அதுதான் ஆள். ஓடும்போது பிடுங்கிவிடாதீர்கள், கையிலேயே ஆர்க் பிடிக்கும். முதலில் கன்ட்ரோலர், பிறகு டி.சி. ஐசொலேட்டர், அதன்பிறகே கனெக்டர். புதிதாகப் போடும்போது ஆண், பெண் இரண்டு முனையும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும். ஏ.எஃப்.சி.ஐ. பிழை காட்டி நின்றால், இணைப்பைப் பார்க்காமல் ரீசெட் பட்டனை அமுக்க வேண்டாம்.