0.707 எங்கிருந்து வந்தது?

மாணவர்களே, செபராங் ஜெயாவில் என் வகுப்பில் செய்த ஒரு சோதனை இது. 1 கிலோ ஓம் மின்தடையத்தையும் 0.16 மைக்ரோஃபாரட் மின்தேக்கியையும் தொடராக இணைத்தோம். இரண்டுக்கும் சேர்த்து 1 வோல்ட் சமிக்ஞை கொடுத்து, மின்தேக்கியில் மட்டும் வெளியீட்டை அளந்தோம்.

100 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய முழு வோல்ட்டும் வந்தது. 1,000 ஹெர்ட்ஸில் மின்தேக்கியின் தடையும் 1 கிலோ ஓம் ஆகிவிடுகிறது. "அப்படியானால் பாதி, 0.5 வோல்ட் தானே, சார்?" என்றான் ஒரு மாணவன். இல்லை, மானி 0.707 காட்டியது. இரு மின்னழுத்தங்களும் ஒரே நேரத்தில் உச்சம் அடைவதில்லை. செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களைப்போல் கூடுகின்றன.

இனி டெசிபெல். திறன் விகிதத்தின் மடக்கையை 10ஆல் பெருக்க வேண்டும். திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், மின்னழுத்த விகிதத்திற்கு 20ஆல் பெருக்குகிறோம்:

20 log 0.707 = −3 dB

இங்கே 10ஐப் போட்டால் −1.5 வரும்; பலர் தவறுவது இங்கேதான்.

0.707 × 0.707 = 0.5. அதாவது, திறன் சரிபாதியாகும் இடம் இது. அதனால்தான் இதை வெட்டு அதிர்வெண் என்கிறோம். ஆனால், சமிக்ஞை இங்கே அறுந்துவிடுவதில்லை. 2,000 ஹெர்ட்ஸிலும் 0.45 வோல்ட், அதாவது −7 dB, மிஞ்சியிருக்கும்.