ரீஃபண்ட் வரவில்லையா? கோபத்தைக் கடிதமாக்குங்கள்

திருச்சியில் இருக்கும் என் சித்தி ஆன்லைனில் ஒரு மிக்ஸி வாங்கினார். விலை 4,899 ரூபாய். ஜாரில் விரிசல் இருந்ததால் திருப்பி அனுப்பிவிட்டார். ஜூன் 4-ஆம் தேதி கூரியர் பையன் வீட்டுக்கே வந்து எடுத்துப் போனான். மூன்று வாரம் ஓடியும் பணம் வரவில்லை. ஜூன் 25-ஆம் தேதி காலையில், கம்பெனிக்கு அனுப்பப் போவதாகச் சொல்லி எனக்கு வாட்ஸாப்பில் ஒரு செய்தியை அனுப்பினார்:

“என்ன கம்பெனி நடத்துறீங்க? காசு வாங்கும்போது ஒரு நிமிஷம், திருப்பிக் கொடுக்க ஒரு மாசமா? மிக்ஸியை அனுப்பி மூணு வாரம் ஆச்சு. நாலு தடவை போன் பண்ணிட்டேன், ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கதை சொல்றாங்க. எல்லாரும் திருட்டுப் பசங்க. என் அஞ்சாயிரத்தை ஏப்பம் விடப் பாக்குறீங்களா? உடனே பணம் வரலைன்னா கோர்ட்டுக்கு இழுத்து நாறடிச்சுடுவேன். இனி ஜென்மத்துக்கும் உங்ககிட்ட எதுவும் வாங்க மாட்டேன்.”

இந்தக் கோபம் முழுக்க நியாயமானது. ஆனால் இதைப் படிக்கப் போகிறவரை நினைத்துப் பாருங்கள். அவர் வாடிக்கையாளர் சேவையில் வேலை பார்க்கும் ஒருவர். சித்தியின் பணம் அவர் கையில் இல்லை. ஒரு புகாரை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதுதான் அவருடைய வேலை. இந்தச் செய்தியில் ஆர்டர் எண் இல்லை, தேதி இல்லை, சரியான தொகைகூட இல்லை. “சிரமத்துக்கு வருந்துகிறோம், ஆர்டர் எண்ணைத் தெரிவிக்கவும்” என்று ஒரு வரி போட்டு அவர் அடுத்த புகாருக்குப் போய்விடலாம். அப்படிச் செய்தால் அதைத் தவறென்றும் சொல்ல முடியாது.

நான் சொன்னதைக் கேட்டுச் சித்தி அமைதியாகி, மதியம் இன்னொன்று எழுதினார். இந்த முறை அப்படியே எதிர்த்திசை. “மதிப்பிற்குரிய ஐயா, என் நிலையைக் கருணையுடன் பரிசீலித்து ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.” பள்ளிக்கூடத்தில் விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொண்ட நம்மில் பலருக்கும் மரியாதை என்றால் இந்த நடைதான் கைக்கு வருகிறது. இது முதல் செய்தியைவிடப் பலவீனமானது. திருப்பிக் கேட்பது சொந்தப் பணம். அதில் கருணைக்கு வேலை இல்லை. எவ்வளவு பணம், எந்தத் தேதிக்குள், எந்தக் கணக்குக்கு என்று எதையும் ‘ஆவன செய்யுமாறு’ சொல்வதில்லை. எதிராளியை இழிவுபடுத்தாமல் இருந்தாலே மரியாதை காத்ததாகும். அதற்காக நாம் குனிய வேண்டியதில்லை.

அதனால் கோபக் கடிதத்துக்கே திரும்பினோம். கோபமாக எழுதும்போது மனிதர்கள் பெரும்பாலும் உண்மையைத்தான் எழுதுகிறார்கள். அது திட்டுக்குள் புதைந்து கிடக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு வரியாக எடுத்துப் பார்த்தோம். ‘மூணு வாரம்’ என்பது ஜூன் 4 என்ற தேதியானது. கூரியர் பையன் பொருளை எடுத்ததும் வந்த குறுஞ்செய்தி போனில் இருந்தது. ‘அஞ்சாயிரம்’ 4,899 ஆனது. தொகையைக் கூட்டிச் சொன்னால் மற்ற விவரங்கள் மீதும் சந்தேகம் வரும்.

‘ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கதை’ என்ற வரியில்தான் நிறைய நேரம் செலவழித்தோம். என்னென்ன கதை என்று கேட்டேன். சித்தி நினைவிலிருந்து சொல்ல, போனில் அழைப்புகளின் தேதியைப் பார்த்துக் குறித்துக்கொண்டோம். ஜூன் 10 அன்று பேசியவர், பொருள் இன்னும் கிடங்குக்கு வந்து சேரவில்லை என்றிருக்கிறார். ஜூன் 14 அன்று, இரண்டு நாள் பொறுங்கள் என்ற பதில். ஜூன் 19 அன்று பேசியவரோ, ஜூன் 12-ஆம் தேதியே பணம் அனுப்பியாகிவிட்டது, உங்கள் வங்கியில் கேளுங்கள் என்றிருக்கிறார். 23-ஆம் தேதியும் அதே பதில். 12-ஆம் தேதி அனுப்பிய பணத்துக்கு 14-ஆம் தேதி ஏன் பொறுக்கச் சொன்னார்கள்? கம்பெனியின் பதில்களே ஒன்றோடொன்று முட்டுகின்றன. சித்தியின் கையிலிருந்த மிக வலுவான ஆதாரம் இதுதான். இதைத்தான் அவர் ‘கதை’ என்ற ஒரே சொல்லில் கடந்து போயிருந்தார். தேதிகளை வரிசையாக எழுதி வைத்தால் போதும். பொய் சொல்கிறீர்கள் என்று நாம் சொல்லவே வேண்டாம்.

‘திருட்டுப் பசங்க’ வரியை எடுத்துவிட்டோம். மரியாதைக் குறைவு என்பதோடு, பதில் சொல்ல முடியாத குற்றச்சாட்டு என்பதும் ஒரு காரணம். பணம் ஏன் வரவில்லை என்று நமக்கு இன்னும் தெரியாது. நாளைக்கு விவகாரம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், நாம் எழுதிய கடிதமும் அங்கே வைக்கப்படும் என்பதையும் யோசிக்க வேண்டும். ‘இனி வாங்க மாட்டேன்’ என்பதும் போயிற்று. அதற்கும் இந்த ரீஃபண்டுக்கும் தொடர்பில்லை.

‘உடனே’ என்ற சொல்லுக்குப் பதிலாக ஒரு தேதி வேண்டும். ஏழு நாள் கொடுத்து ஜூலை 2 என்று முடிவு செய்தோம். ‘கோர்ட்டுக்கு இழுப்பேன்’ என்பதற்குப் பதிலாக, உண்மையிலேயே அடுத்துச் செய்யப் போவதை மட்டும் எழுதினோம். செய்யப் போகாததை எழுதினால் அது வெறும் மிரட்டல். அப்படிப்பட்டவற்றைத் தினமும் படிக்கிறவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

யாருக்கு அனுப்புவது என்பதும் முக்கியம். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, இப்படிப்பட்ட நிறுவனங்கள் ஒரு குறைதீர்ப்பு அலுவலரை நியமித்து, அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் தங்கள் தளத்தில் வெளியிட வேண்டும். புகார் வந்து சேர்ந்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். புகார் அவருக்குக் கிடைத்த நாளிலிருந்துதான் இந்தக் கெடு ஓடும். போனில் நாலு தடவை பேசியதற்கு நம் கையில் என்ன இருக்கிறது? மின்னஞ்சல் என்றால் தேதியோடு எழுத்தில் நிற்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ரீஃபண்ட் தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பதாகப் பலர் எழுதுகிறார்கள். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கையில் அப்படி ஒரு விதி உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அது தோல்வியடைந்த பரிவர்த்தனைகளுக்கானது. ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துபோவது, கடையில் யு.பி.ஐ. மூலம் கட்டிய பணம் கடைக்காரருக்குப் போய்ச் சேராமல் நிற்பது போன்றவை அதில் அடங்கும். பொருளைத் திருப்பிக் கொடுத்ததற்கான ரீஃபண்டுக்கு அது பொருந்தாது. பொருந்தாத விதியைக் காட்டினால், அதை மட்டும் மறுத்து ஒரு பதில் எழுதிவிட்டு மற்றதைக் கண்டுகொள்ளாமல் விட எதிர்த்தரப்புக்கு வசதியாகிவிடும். அதேபோல், ஏழு நாள் கெடு நாம் வைத்தது. சட்டம் சொல்வதாக எழுதக் கூடாது.

கடைசியாக, எதைக் கேட்பது என்ற கேள்வி. ‘பணம் அனுப்பியாகிவிட்டது, வங்கியில் கேளுங்கள்’ என்ற பதிலுக்கு ஒரு மாற்று உண்டு. அனுப்பிய பணத்துக்குக் கண்டிப்பாக ஒரு குறிப்பு எண் இருக்கும். கார்டில் கட்டியிருந்தால் 23 இலக்கத்தில் ஏ.ஆர்.என். என்ற எண்; யு.பி.ஐ. என்றால் 12 இலக்க எண். அந்த எண்ணைக் கொடுத்தால் பணம் எங்கே நிற்கிறது என்று வங்கி தேடிப் பார்க்க முடியும். அது இல்லாமல் வங்கிக்குப் போனால், கம்பெனியிடமே கேளுங்கள் என்று திருப்பி அனுப்புவார்கள். ஆகவே பணத்தைக் கேட்கும்போதே, அனுப்பியிருந்தால் எண்ணைத் தாருங்கள் என்றும் கேட்டுவிட வேண்டும். இரண்டில் ஒன்றை அவர்கள் தந்தே ஆக வேண்டும்.

மாலையில் அனுப்பிய கடிதம் இது:

“பொருள்: ஆர்டர் எண் 4471-2086, ரீஃபண்ட் 4,899 ரூபாய் ஜூன் 25 வரை வரவில்லை.

குறைதீர்ப்பு அலுவலர் அவர்களுக்கு, வணக்கம்.

மேற்கண்ட ஆர்டரில் வாங்கிய மிக்ஸியின் ஜாரில் விரிசல் இருந்ததால் திருப்பி அனுப்பினேன். ஜூன் 4 அன்று உங்கள் கூரியர் ஊழியர் அதைப் பெற்றுக்கொண்டார். அதற்கான குறுஞ்செய்தியை இணைத்துள்ளேன்.

ஜூன் 10 அன்று உங்கள் சேவை மையத்தில் கேட்டபோது, பொருள் கிடங்குக்கு வரவில்லை என்றார்கள். ஜூன் 14 அன்று இரண்டு நாள் காத்திருக்கச் சொன்னார்கள். ஜூன் 19, 23 தேதிகளில் பேசியவர்கள், ஜூன் 12 அன்றே பணம் அனுப்பப்பட்டதாகக் கூறினார்கள். நான் யு.பி.ஐ. மூலம் பணம் செலுத்திய வங்கிக் கணக்கில் இன்று வரை அந்தத் தொகை வரவு வைக்கப்படவில்லை. ஜூன் மாதக் கணக்கு விவரத்தையும் இணைத்துள்ளேன். நான்கு முறை கேட்டும் தெளிவான பதில் கிடைக்காதது எனக்கு மிகுந்த மனவருத்தத்தைத் தந்திருக்கிறது.

ஜூலை 2-க்குள் 4,899 ரூபாயை அதே வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அனுப்பிய தேதியையும் பரிவர்த்தனைக் குறிப்பு எண்ணையும் எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

அதற்குள் தீர்வு கிடைக்காவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிவு செய்வேன்.

நன்றி.”

கோபம் இதிலும் இருக்கிறது, ஒரே ஒரு வரியில். விவரங்கள் எல்லாம் வந்த பிறகு வருவதால் அதற்கு மதிப்புக் கூடுகிறது. ‘முடிந்தால்’, ‘தொந்தரவுக்கு மன்னிக்கவும்’ போன்றவை எங்கும் இல்லை. ‘நீங்கள் ஏமாற்றினீர்கள்’ என்றும் இல்லை. படிக்கிறவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல், அவர் தேடிப் பார்க்க வேண்டியதை மட்டும் அது சொல்கிறது.

இரண்டாம் நாள் பதில் வந்தது. ஜூன் 12 அன்று பணம் போனது உண்மைதான். ஆனால் அது சித்தியின் வங்கிக் கணக்குக்குப் போகவில்லை. அதே செயலியில் அவர் ஒருநாளும் திறந்து பார்க்காத வாலட்டுக்குப் போயிருந்தது. போனில் பேசிய யாரும் குறிப்பு எண்ணைத் தேடாததால் இதைக் கவனிக்கவில்லை. ஜூன் 30 அன்று தொகை வங்கிக்கு மாறியது.

எல்லோருக்கும் ஒரு கடிதத்திலேயே முடிந்துவிடாது. உங்கள் கெடு தாண்டியும் பதில் இல்லையென்றால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழையுங்கள், தமிழிலும் பேசலாம். அங்கேயும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். நீங்கள் நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தின் நகல் அங்கே ஆதாரமாக உதவும்.