ஓடிபி யார் போனுக்கு வருகிறது?

கடைசி வேலை நாளன்று சாயங்காலம் அவசரமாக அடித்து அனுப்பப்படும் ஹேண்ட்ஓவர் மெயில்களில் பெரும்பாலும் இப்படி ஒரு வரி இருக்கும்: "டொமைன் லாகின், பாஸ்வேர்டு கீழே கொடுத்திருக்கேன் சார். ரினியூவல் அக்டோபர் 18. ஆட்டோ ரினியூ ஆன்ல இருக்கு." படிக்கிற முதலாளிக்கு நிம்மதி. பாஸ்வேர்டு வந்துவிட்டது, தேதி வந்துவிட்டது, பணமும் தானாகவே கட்டப்பட்டுவிடும்.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப்புடவைக் கடை என்று வைத்துக்கொள்வோம். நான்கு வருடமாக வெப்சைட்டைப் பார்த்துக்கொண்ட பையன் வேறு வேலை கிடைத்துப் போகிறான். நல்ல பையன், மெயிலையும் ஒழுங்காகவே எழுதியிருக்கிறான். அந்த ஒரே வரியை மட்டும் எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

முதலில் பாஸ்வேர்டு. அடுத்த வாரம் கடை மேனேஜர் தன் கம்ப்யூட்டரில் அதைப் போட்டு உள்ளே போகப் பார்க்கிறார். புது கம்ப்யூட்டர் என்பதால் அந்தத் தளம் ஓடிபி கேட்கிறது. ஓடிபி போகும் எண், வேலையை விட்டுப் போன பையனுடையது. அவனைக் கூப்பிட்டுக் கேட்டால் சொல்லுவான்தான். ஆறு மாதம் கழித்து அவன் சிம் மாறியிருந்தால்? சரி, பாஸ்வேர்டையே மாற்றிவிடலாம் என்று 'ஃபர்காட் பாஸ்வேர்டு' அழுத்தினால், அந்த லிங்க் போய்ச் சேருவது அவனுடைய சொந்த ஜிமெயிலுக்கு. நான்கு வருடத்துக்கு முன் டொமைன் வாங்கியபோது கடைக்கென்று மெயில் இல்லை, தன்னுடையதைக் கொடுத்திருந்தான். வாங்கியவர் பெயர் என்ற இடத்திலும் அவன் பெயர்தான். கடைக்காரர் பணம் கட்டினார், பதிவேட்டின்படி சொந்தக்காரன் அவன். வெளியாள் ஒருவரிடம் வெப்சைட் செய்யக் கொடுத்த கடைகளிலும் இதே கதைதான். அங்கே டொமைன் அந்த டெவலப்பர் பெயரில் இருக்கும்.

அதனால் மெயிலில் முதலில் இருக்க வேண்டியவை மூன்று விவரங்கள்: கணக்கு யார் பெயரில், எந்த மெயிலில், ஓடிபி எந்த எண்ணுக்கு. பாஸ்வேர்டை மெயிலில் எழுதவே கூடாது. அந்த மெயில் பத்து வருடம் இன்பாக்ஸில் கிடக்கும், நாலு பேருக்கு ஃபார்வர்டும் ஆகும். பாஸ்வேர்டு மேனேஜரில் போட்டுப் பகிரலாம். அது பழக்கமில்லை என்றால் ஒரு நோட்டில் எழுதிக் கல்லாப்பெட்டியில் பூட்டி வைப்பதே மேல். மாற்றும்போதும் மெயில் ஐடியையும் எண்ணையும் முதலில் மாற்றிவிட்டுத்தான் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். வரிசை தலைகீழானால், பழைய மெயில் வழியாக ரீசெட் செய்யும் கதவு திறந்தே இருக்கும்.

புதிதாகக் கொடுக்கும் மெயில் ஐடி, கடையின் டொமைனிலேயே உள்ளதாக இருக்கக் கூடாது. இது பலருக்குத் தோன்றாத விஷயம். டொமைன் காலாவதியானால் வெப்சைட்டோடு சேர்ந்து அந்தப் பெயரில் உள்ள மெயிலும் நின்றுவிடும். அப்போது டொமைனை மீட்க வேண்டிய லிங்க், நின்றுபோன அதே மெயிலுக்குத்தான் வர முயலும். கடைக்கென்று தனியாக ஒரு ஜிமெயில் திறந்து, முதலாளியின் எண்ணோடு இணைத்து, அதைக் கொடுப்பதுதான் பாதுகாப்பு.

இனி, 'ஆட்டோ ரினியூ ஆன்'. பணம் கேட்டுப் பார்ப்போம் என்று டொமைன் நிறுவனம் சொல்கிறது, அவ்வளவுதான். பேங்க் கொடுக்குமா என்பது வேறு கதை. 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி, கார்டிலிருந்து தொடர்ந்து பணம் எடுக்க வேண்டுமானால் முன்கூட்டியே இ-மேண்டேட் பதிவு செய்திருக்க வேண்டும். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் கார்டுக்காரருக்குத் தகவலும் வர வேண்டும். அந்தப் பதிவு இல்லாத நிறுவனம், குறிப்பாக வெளிநாட்டு நிறுவனம், பணம் கேட்டால் பேங்க் பேசாமல் மறுத்துவிடும். கார்டின் தேதி முடிந்திருந்தாலும் அதே கதிதான். மறுத்துவிட்டார்கள் என்ற தகவல் எங்கே போகும்? பையனின் ஜிமெயிலுக்கு.

நினைவூட்டல்களும் அங்கேதான் போகும். .com போன்ற டொமைன்களுக்கு, முடிவதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும், முடிந்த ஐந்து நாளுக்குள் இன்னொரு முறையும் தகவல் அனுப்ப வேண்டும் என்று ஐகேன் அமைப்பு விதித்திருக்கிறது. நம் கடைக்கு அவை செப்டம்பர் நடுவிலும் அக்டோபர் 11 வாக்கிலும் வரும். புது வேலையில் இருக்கும் ஒருவன், பழைய கடையின் மெயிலை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிட்டால் குற்றம் சொல்ல முடியாது.

அக்டோபர் 18 தாண்டுகிறது. சில நாளில் தளம் திறக்காது. தீபாவளி ஆர்டர் நேரம். பயந்துபோய் விடவும் வேண்டாம், .com டொமைன் உடனே கைவிட்டுப் போகாது. டொமைன் நிறுவனத்தைப் பொறுத்து அதிகபட்சம் 45 நாள் வரை வழக்கமான கட்டணத்திலோ கொஞ்சம் கூடுதலாகவோ புதுப்பிக்கலாம். சில நிறுவனங்கள் அதற்குள்ளேயே ஏலம் விட ஆரம்பித்துவிடும். அதன்பின் 30 நாள் மீட்புக் காலம். மீட்கலாம், ஆனால் அபராதம் பல மடங்கு. அதுவும் போனால் ஐந்து நாள் யாராலும் தொட முடியாது, பிறகு யார் வேண்டுமானாலும் வாங்கலாம். எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பதை lookup.icann.org தளத்தில் டொமைன் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். `redemptionPeriod` என்று இருந்தால் அன்றைக்கே பணம் கட்ட வேண்டும். `pendingDelete` மட்டும் இருந்தால் தாமதமாகிவிட்டது.

சின்னக் கடைக்குத்தான் இப்படி ஆகும் என்றில்லை. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாப்ட் நிறுவனமே passport.com-ஐப் புதுப்பிக்க மறந்து, ஹாட்மெயில் பயனாளர்கள் பலர் உள்ளே போக முடியாமல் தவித்தார்கள். சம்பந்தமே இல்லாத ஒரு புரோகிராமர் தன் கையிலிருந்து 35 டாலர் கட்டித்தான் அது சரியானது.

மெயிலின் அடிப்பகுதியில் பாக்கி வேலைகள் இருக்கும். "பேமென்ட் பேஜ் 80 சதவீதம் முடிஞ்சுது" என்பது யாருக்கும் உதவாத வாக்கியம். மீதி 20 சதவீதம் என்ன என்பதுதான் செய்தி. உதாரணத்துக்கு ரேஸர்பே இணைப்பில் சோதனைக்கான சாவி `rzp_test_` என்று தொடங்கும், நிஜச் சாவி `rzp_live_` என்று தொடங்கும். சோதனைச் சாவியோடு பக்கம் வெளியே போய்விட்டால் ஆர்டர் விழும், பேங்கில் பணம் விழாது. "சோதனைச் சாவிதான் இருக்கு, கேஒய்சி முடிஞ்சதும் மாத்தணும், ஆடிட்டரிடம் பேப்பர் இருக்கு" என்று எழுதினால், புதிதாக வருபவர் மறுநாளே வேலையைத் தொடங்கலாம். வேலை எங்கே நிற்கிறது, யாருக்காகக் காத்திருக்கிறது என்ற இரண்டும் தெரிந்தால் போதும். வெண்டர் பட்டியலுக்கும் அதே அளவுகோல்தான்: கம்பெனி பெயரோடு, அங்கே போனை எடுத்துப் பேசும் ஆள் யார், இன்னும் எவ்வளவு பாக்கி.

போனவரின் ஆபீஸ் மெயிலை மறுநாளே அழித்துவிடும் வழக்கமும் உண்டு. கூகுள் வொர்க்ஸ்பேஸில் அழித்த கணக்கை 20 நாளுக்குள்தான் மீட்க முடியும். அவர் டிரைவில் வைத்திருந்த கோப்புகளை முதலில் வேறொருவர் பெயருக்கு மாற்றிவிட்டு, மூன்று மாதமாவது கணக்கை முடக்கி மட்டும் வைக்கலாம். மாதக் கட்டணம் ஓடும்தான், அது தண்டச் செலவில்லை.

இதெல்லாம் போகிறவருக்கும் நல்லது. நடுராத்திரியில் பழைய ஆபீஸின் ஓடிபி தன் போனில் வந்துகொண்டிருப்பதை யாரும் விரும்புவதில்லை; பின்னால் ஏதாவது கோளாறு நடந்தால் முதல் சந்தேகமும் அவர் மேல்தான் விழும். அதனால் நோட்டீஸ் பீரியட் முடியப் பத்து நாள் இருக்கும்போதே இருவரும் ஒரு மேஜையில் உட்காருங்கள். மெயிலில் உள்ள ஒவ்வொரு கணக்கையும் முதலாளியின் கம்ப்யூட்டரில், அவர் கையாலேயே திறக்கச் சொல்லுங்கள். எல்லா ஓடிபியும் அவர் போனுக்கு வந்த பிறகு ரிலீவிங் ஆர்டரில் கையெழுத்துப் போடலாம்.