‘லேசான கீறல்’ என்று எழுதாதீர்கள்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் சந்து ஒன்றில் பழைய மடிக்கணினிகளை வாங்கிச் சரிபார்த்து விற்பது என் பிழைப்பு. சரக்கில் பாதிக்கு மேல் கூரியரில் வெளியூர் போகிறது. கடைக்கு வருபவர் கையில் எடுப்பார், திருப்பிப் பார்ப்பார், மூடியைத் திறந்து மூடுவார், பேரம் பேசி வாங்கிப் போவார். அவரோடு எனக்குத் தகராறு வந்ததில்லை. வெளியூர்க்காரர் நான் எழுதிய சில வரிகளையும் படங்களையும் நம்பிப் பணம் போடுகிறார். அவருக்காக அந்தப் பெட்டியைத் திருப்பிப் பார்க்க வேண்டியது என் வரிகள்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெட்டிக்கு “மேல்மூடியில் லேசான கீறல், ஏ கிரேடு” என்று எழுதி அனுப்பினேன். பிரித்த கையோடு போன் வந்தது. “இதுவா சார் லேசு? விரலை வச்சா தட்டுது.” அடிபட்ட பெட்டிகளையே நாள் முழுக்கப் பார்க்கிற என் கண்ணுக்கு அது லேசுதான். மகள் கல்லூரி சேர்கிறாள் என்று சேமித்து வாங்கியவருக்கு அப்படி இல்லை. போக வர கூரியர் செலவோடு பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ‘லேசான’, ‘சின்ன’, ‘வயசுக்கேத்த தேய்மானம்’, ‘பக்கா கன்டிஷன்’ ஆகிய நான்கையும் என் விளம்பரங்களிலிருந்து எடுத்துவிட்டேன். இவை விற்பவரின் மனநிலையைச் சொல்கின்றன. பொருளைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

இப்போது எப்படி எழுதுகிறேன் என்பதைப் போன மாதம் மேசைக்கு வந்த ஒரு பெட்டியை வைத்தே சொல்கிறேன். 14 அங்குலம், எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. ஓர் அலுவலகத்தில் ஓடிவிட்டு வந்தது.

முதல் வேலை துடைப்பது. அழுக்கோடு பார்த்தால் பசைக்கறை கீறலாகத் தெரியும், தூசிக்குள் விரிசல் ஒளிந்துகொள்ளும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் பசையை எடுத்து, அலுவலகம் ஒட்டிய சொத்து எண் ஸ்டிக்கரையும் உரித்தேன். ஸ்டிக்கர் இருந்த இடத்தில் மட்டும் பெயின்ட் கருமை குறையாமல் இருந்தது, சுற்றிலும் வெளிறியிருந்தது. கீறலோ ஒடுக்கோ இல்லை, ஆனாலும் மூடியைப் பார்க்கிற யாருக்கும் முதலில் அதுதான் கண்ணில் படும். ஆகவே அது எழுதவேண்டிய குறை.

அடுத்தது வெளிச்சம். கடையின் டியூப்லைட்டுக்கு நேர் கீழே எல்லாப் பெட்டியும் புதுசு போலத்தான் இருக்கும். வெள்ளை எல்இடி டேபிள் லைட்டைப் பக்கவாட்டில் தாழ்த்தி, மூடிமேல் ஒளி சாய்ந்து விழும்படி வைத்தால் கீறல்கள் எழுந்து நிற்கும். வாங்குபவர் வீட்டு ஜன்னலோரம் காலை வெயிலும் இதே மாதிரிதான் விழப்போகிறது. ஒவ்வொரு கீறலிலும் நகத்தைக் குறுக்கே இழுத்துப் பார்ப்பேன். நகம் தட்டாமல் வழுக்கிப்போனால் மேற்பூச்சோடு நின்ற கீறல், தட்டினால் ஆழமானது. பிறகு ஸ்கேல் வைத்து நீளத்தைக் குறித்துக்கொள்வேன். ‘நகம் தட்டும், 3 செ.மீ.’ என்பதை நாகர்கோவிலில் இருப்பவரும் தன் நகத்தாலும் ஸ்கேலாலும் சரிபார்த்துக்கொள்ளலாம். ‘லேசு’ என்பதை எதைக் கொண்டு சரிபார்ப்பார்?

இங்கே இடது, வலது பற்றி ஒன்று சொல்லவேண்டும். திறந்த மூடியைப் பின்னாலிருந்து பார்க்கிறோமா, கீபோர்டின் முன் உட்கார்ந்து பார்க்கிறோமா, அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்க்கிறோமா என்பதைப் பொறுத்துப் பக்கம் மாறிவிடும். வலது மூலை ஒடுக்கு என்று எழுதியிருப்போம். வந்த பெட்டியில் அது இடது பக்கம் இருக்கிறது என்று அவர் நினைப்பார். எழுதாத இன்னொரு ஒடுக்கு என்று எடுத்துக்கொள்வார். அதனால் விளம்பரத்தின் முதல் வரியிலேயே, ‘பக்கங்கள் எல்லாம் கீபோர்டின் முன் உட்கார்ந்து பார்ப்பவருக்கு’ என்று போட்டுவிடுகிறேன்.

திரையை அணைத்து ஒருமுறை, எரியவிட்டு ஒருமுறை பார்க்கவேண்டும். முழுத்திரைக்கு வெள்ளை, சாம்பல், கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறமாக ஓடவிடுவேன். எப்போதும் கறுப்பாக நிற்கும் புள்ளி செத்த பிக்சல். ஒரே நிறத்தில் மாட்டிக்கொண்டு நிற்பது வேறு வகை. திரையின்மேல் அழுத்தம் பட்டதால் வரும் வெளிறிய திட்டு வெள்ளையிலும் சாம்பலிலும் தெரியும், கறுப்பில் மறைந்துவிடும். நம் பெட்டியில் அப்படி ஒரு திட்டு, கீழ் இடது மூலையிலிருந்து 4 செ.மீ. உள்ளே, மிளகளவு இருந்தது. சினிமா பார்த்தால் கண்ணில் படாது, எக்செல் திறந்தால் படும். எங்கே இருக்கிறது என்பதோடு எப்போது தெரியும் என்பதையும் எழுதினால்தான் கணக்கு வேலைக்கு வாங்குபவர் வேண்டாம் என்று விலகுவார். படம் பார்க்க வாங்குபவர் மனமொத்து எடுப்பார்.

அதிகச் சண்டை வருவது பேட்டரியில். ‘பேக்கப் நல்லா இருக்கு’ என்பதற்கு ஒருவர் ஒரு மணி நேரம் என்று பொருள் கொள்வார், இன்னொருவர் ஐந்து மணி நேரம் என்பார். விண்டோஸில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து இதை அடித்தால் ஓர் அறிக்கை கிடைக்கும்:

```
powercfg /batteryreport
```

அதில் Design Capacity என்பது பேட்டரி புதிதாக இருந்தபோதைய கொள்ளளவு, Full Charge Capacity என்பது இன்றைய கொள்ளளவு. நம் பெட்டிக்கு முதலாவது 48,000, இரண்டாவது 33,100. இன்றையதைப் பழையதால் வகுத்தால் 69 சதவீதம். ஆனால் இந்த எண்ணை மட்டும் போட்டு நிறுத்திக்கொள்ளக் கூடாது. பல மாதம் சும்மா கிடந்த பெட்டி தவறான அளவைக் காட்டும். டூப்ளிகேட் பேட்டரியோ 100 என்று காட்டிவிட்டு, 40 சதவீதத்திலிருந்து திடீரென்று அணைந்துபோகும். அதனால் முழுக்க ஏற்றி, வெளிச்சத்தைப் பாதியில் வைத்து, வைஃபையோடு ஒரு வீடியோவைச் சுற்றவிட்டு, அணையும்வரை கடிகாரம் பார்ப்பேன். 3 மணி 10 நிமிடம் வந்தது. எண்ணையும் நேரத்தையும், எப்படி ஓட்டிப் பார்த்தேன் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். அவரும் அதேபோல் ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

அலுவலகத்திலிருந்து வந்த பெட்டிகளில் கண்ணுக்குத் தெரியாத குறை ஒன்று உண்டு. பழைய நிறுவனம் அந்தப் பெட்டியைத் தன் நிர்வாகக் கணக்கில் பதிந்து வைத்திருக்கலாம். கடையில் எல்லாம் சரியாகவே ஓடும். வாங்கியவர் ஆறு மாதம் கழித்து விண்டோஸை ரீசெட் செய்து இணையத்தோடு இணைத்ததும், அந்த நிறுவனத்தின் பெயரோடு கடவுச்சொல் கேட்கும் பக்கம் வந்து நிற்கும். அதனால் ரீசெட் செய்து, இணையத்தில் இணைத்து, முதல் அமைப்பு முடியும்வரை பார்க்காமல் எதையும் விற்பனைக்கு வைப்பதில்லை. பயாஸ் கடவுச்சொல் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். இந்த இரண்டில் ஒன்று மாட்டினாலும் அந்தப் பெட்டியை முழுப்பெட்டியாக விற்க மாட்டேன். குறை என்று எழுதி விலை குறைக்கிற ரகம் அல்ல இது.

பார்த்தது எல்லாம் தாளில் ஏறிய பிறகே கிரேடு. முதலில் கிரேடைப் போட்டால் அதற்குத் தோதாகக் குறைகளைச் சுருக்க ஆரம்பித்துவிடுவோம். கடைக்குக் கடை ‘ஏ கிரேடு’ வேறு. அதனால் எழுத்தைப் போடுகிறவர் பக்கத்திலேயே அதன் பொருளையும் எழுதவேண்டும். தோற்றத்துக்கு ஒன்று, செயலுக்கு ஒன்று என இரண்டாகப் பிரிப்பது நல்லது. மறுசுழற்சித் துறையின் ஆர்2 தரநிலையிலும் இவ்விரண்டுக்கும் தனித்தனிக் குறியீடுகள்தான். என் கணக்கில், ஒரு கை தூரத்திலிருந்து எதுவும் தெரியாமல், நகமும் தட்டாமல் இருந்தால் தோற்றம் ஏ. தெரிகிறது, ஆனால் உடைவோ விரிசலோ இல்லையென்றால் பி. உடைந்தோ விரிசல் விட்டோ இருந்தால் சி. செயலில் எல்லாம் சரி, பேட்டரியும் 80 சதவீதத்துக்கு மேல் என்றால் 1; எல்லாம் ஓடுகிறது, ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது என்றால் 2; ஒன்றாவது ஓடவில்லை என்றால் 3. சராசரி எடுக்கக் கூடாது. இருப்பதில் மோசமான இடம் எதுவோ அதுதான் கிரேடு, ஏனென்றால் பெட்டியைப் பிரிப்பவர் கண் நேரே அங்குதான் போகும்.

பக்கங்கள் பற்றிய முதல் வரிக்கும் கிரேடின் பொருளுக்கும் கீழே, அந்தப் பெட்டிக்குக் கடைசியில் எழுதியது இது:

“தோற்றம் பி, செயல் 2. மேல்மூடி நடுவில் 5 × 2 செ.மீ. ஸ்டிக்கர் தடம், மூடியிருக்கும்போது தெரியும். வலது முன் ஓரத்தில் 3 செ.மீ. கீறல், நகம் தட்டும். திரையின் கீழ் இடதில் மிளகளவு வெளிறிய திட்டு, வெள்ளைப் பின்னணியில் தெரியும். ஸ்பேஸ் பாரும் ‘A’ விசையும் தேய்ந்து பளபளக்கின்றன, எழுத்து அழியவில்லை. பேட்டரி 69 சதவீதம். பாதி வெளிச்சத்தில், வைஃபையோடு வீடியோ 3 மணி 10 நிமிடம். சார்ஜர் 65 வாட், ஒரிஜினல் அல்ல. சிம் ஸ்லாட் சோதிக்கவில்லை.”

கடைசி வரியில் கவனம் வேண்டும். ‘சோதிக்கவில்லை’ என்பதை, சோதிக்க என்னிடம் வழியில்லாதவற்றுக்கு மட்டும் எழுதுவேன். இரண்டு நிமிடத்தில் பார்க்கக்கூடிய யூஎஸ்பி போர்ட்டுக்கு அப்படி எழுதுவது சோம்பேறித்தனம். ஓடவில்லை என்று தெரிந்தே எழுதினால் அது ஏமாற்று. எழுதிய ஒவ்வொரு குறைக்கும் ஸ்கேலோடு ஒரு படம், வரிகளின் அதே வரிசையில். சீரியல் எண் தெரிய ஒரு படம், பேக்கிங் செய்யும்போது வெட்டாத ஒரு வீடியோ. மாற்றி அனுப்பிவிட்டீர்கள், வழியில் உடைந்தது என்ற பேச்சு வந்தால் இவை கைகொடுக்கும்.

பெட்டி நெல்லைக்குப் போனது. நான்காம் நாள் போன் வந்தது. “எல்லாம் எழுதின மாதிரியே இருக்குங்க. ஆனா ஸ்பீக்கர் சவுண்டை முழுசா வச்சா இடது பக்கம் கரகரங்குது. அது லிஸ்ட்ல இல்லையே?” தாளை எடுத்துப் பார்த்தேன். ஸ்பீக்கர் நேரே ‘சரி’ என்று டிக் இருந்தது. பாதிச் சத்தத்தில் பார்த்து டிக் போட்டிருக்கிறேன். எழுதாதது என் பொறுப்பு. “திருப்பி அனுப்புறீங்களா, இல்ல குறைச்சுக்கலாமா?” என்று கேட்டேன். வைத்துக்கொள்கிறேன் என்றார், ஸ்பீக்கர் மாற்ற ஆகும் 600 ரூபாயை அன்றே அனுப்பினேன். அடுத்த பெட்டிக்கான தாளில் அந்த இடம் இப்படி இருக்கிறது: ஸ்பீக்கர், முழுச் சத்தம், இடது தனியாக, வலது தனியாக.