குருவே சொல்லட்டும்

1920 அக்டோபர் 12. அமிர்தசரஸில், பொற்கோவில் என்று நாம் சொல்லும் ஹர்மந்திர் சாகிபுக்கு ஒரு கூட்டம் வந்தது. தாழ்த்தப்பட்ட சாதிகளில் பிறந்து, சீக்கிய தீட்சை பெற்றவர்கள் அதில் இருந்தார்கள். கையில் கடா பிரசாதம் கொண்டுவந்திருந்தார்கள். கோதுமை மாவு, நெய், சர்க்கரை மூன்றையும் ஒரே அளவில் சேர்த்துக் கிண்டும் அல்வா அது. கோவிலை அன்று கைவசம் வைத்திருந்த பூசாரிகள் அந்தப் பிரசாதத்தை ஏற்று, அவர்களுக்காகப் பிரார்த்திக்க மறுத்தார்கள். வாக்குவாதம் நீண்டது. கடைசியில் எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். குருவிடமே கேட்போம், அவர் சொல்கிறபடி நடப்போம்.

குரு என்று அவர்கள் சொன்னது ஒரு நூலை. சபை நடுவே அது திறக்கப்பட்டது. கண்ணில் பட்ட பாடல் மூன்றாம் குரு அமர்தாஸ் பாடியது. தகுதி ஏதும் இல்லாதவர்களையும் இறைவன் தானே மன்னித்து, குருவின் தொண்டில் சேர்த்துக்கொள்கிறான் என்பது அதன் சாரம். பூசாரிகளால் மறுபேச்சுப் பேச முடியவில்லை. பிரசாதம் ஏற்கப்பட்டது. எதிரே இருக்கும் அகால் தக்த்தின் பூசாரிகள் அந்த இடத்தை விட்டே போய்விட்டார்கள். அடுத்த மாதம் சீக்கியக் கோவில்களை நிர்வகிக்க சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி உருவானது.

தற்செயலாகத் திறந்த பக்கம்தானே என்று வெளியிலிருப்பவர் கேட்கலாம். ஆனால் அன்று தோற்ற தரப்பு அப்படிக் கேட்கவில்லை. குரு கிரந்த் சாகிபை சீக்கியர்கள் 'வாழும் குரு' என்பதன் பொருள் இங்கேதான் இருக்கிறது. போற்றி வைப்பதற்கு மட்டுமான நூல் அல்ல அது. கேட்டால் பதில் சொல்வார், சொன்னால் கீழ்ப்படிய வேண்டும் என்கிற இடத்தில் அது இருக்கிறது. குருத்வாராவில் நாம் பார்க்கும் மரியாதைகள் எல்லாம் இந்த உறவிலிருந்து வருகின்றன.

நூலாக இருந்தது குருவானது ஒரே நாளில் அல்ல. ஐந்தாம் குரு அர்ஜன், தமக்கு முன்பிருந்த குருமார்களின் பாடல்களையும் தம் பாடல்களையும் தொகுத்தார். பாய் குர்தாஸ் எழுத, 1604-இல் அது ஹர்மந்திர் சாகிபில் வைக்கப்பட்டது. பாபா புத்தா அதன் முதல் கிரந்தி, அதாவது நூலைப் பேணி ஓதுபவர். நெசவாளியான கபீர், தோல் தொழிலாளியான ரவிதாஸ், முஸ்லிம் சூஃபியான ஷேக் ஃபரீத் ஆகியோரின் பாடல்களும் அதில் இடம்பெற்றன. அந்த நாளிலேயே குரு அர்ஜன் நூலைக் கட்டிலில் வைத்துவிட்டு, தாம் தரையில் படுத்தார் என்று மரபு சொல்கிறது. பிறகு பத்தாம் குரு கோவிந்த் சிங் தம் தந்தை தேக் பகதூரின் பாடல்களைச் சேர்த்தார். 1708-இல் நாந்தேட்டில் உயிர் பிரியும் முன், தமக்குப் பின் மனித குரு இல்லை, கிரந்தமே குரு என்று அறிவித்தார். குரு என்பது உடலல்ல, 'சபத்' எனப்படும் சொல்லே என்பது முதல் குரு நானக்கின் போதனை. அதன் கடைசிப் படிதான் இந்த அறிவிப்பு.

இன்று அச்சாகும் படிகள் எல்லாமே 1430 பக்கங்கள் கொண்டவை. எந்தப் பாடல் எந்தப் பக்கத்தில் என்பது எந்த ஊர்ப் படியிலும் மாறாது. பக்கம் என்று சொல்ல மாட்டார்கள். 'அங்', அதாவது உடலின் உறுப்பு என்பார்கள்.

ஹர்மந்திர் சாகிபில் குருவின் நாள் விடியலுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இரவில் அவர் தங்குவது அகால் தக்த்தில் உள்ள ஓர் அறையில். அங்கிருந்து கிரந்தி நூலைத் தலையில் சுமந்து வந்து பல்லக்கில் வைப்பார். முரசு முழங்க, பக்தர்கள் முறை போட்டுக்கொண்டு பல்லக்குக்குத் தோள் கொடுப்பார்கள். தண்ணீருக்கு நடுவே செல்லும் பாதை வழியாகப் பல்லக்கு உள்ளே போகும். சிறு கட்டிலில் மெத்தை விரித்து, அணைகள் வைத்து, மேலே விதானம் கட்டியிருப்பார்கள். நூலை அதில் அமர்த்தித் திறப்பதற்குப் 'பிரகாஷ்' என்று பெயர். ஓதாத நேரத்தில் 'ருமாலா' என்ற பட்டுத் துணி பக்கங்களை மூடியிருக்கும். பின்னால் இருப்பவர் 'சௌர்' என்ற வெண்சாமரத்தை வீசுவார். விதானமும் சாமரமும் அரசருக்கு உரியவை. குருவின் சபையும் ஓர் அரசவைதான் என்பது அதில் உள்ள குறிப்பு.

திறந்ததும் அன்றைய 'ஹுக்கம்' எடுக்கப்படுகிறது. ஹுக்கம் என்றால் கட்டளை. கிரந்தி பக்கத்தைத் தேடிப் பிடிக்கக் கூடாது. நூல் திறந்துகொள்கிற இடத்தில் இடது பக்கத்தின் மேலே உள்ள பாடலைப் பார்ப்பார். அந்தப் பாடல் முந்தைய பக்கத்தில் தொடங்கியிருந்தால், ஒரு தாளைத் திருப்பித் தொடக்கத்திலிருந்தே ஓத வேண்டும். நடுவில் தொடங்குவதோ பாதியில் நிறுத்துவதோ கூடாது. முத்திரையாக நானக்கின் பெயர் வரும் அடியில் ஓதல் முடியும். குருவின் பேச்சைத் துண்டாக்கித் தனக்கு வேண்டிய வரியை மட்டும் எடுத்துக்கொள்ள இதில் வழியில்லை. ஹர்மந்திர் சாகிபின் ஹுக்கம் பலகையில் எழுதப்படும். உலகெங்கும் சீக்கியர்கள் அன்றைக்குரிய சொல்லாக அதைப் படிக்கிறார்கள்.

வீட்டுக் காரியங்களுக்கும் இதே வழிதான். குழந்தை பிறந்தால் குருத்வாராவுக்கு வந்து ஹுக்கம் எடுப்பார்கள். ஓதிய பாடலின் முதல் எழுத்து எதுவோ, அதில் தொடங்கும் பெயரைக் குடும்பம் தேர்ந்தெடுக்கும். திருமணத்தில் மணமக்கள் நான்கு முறை வலம் வருவது குரு கிரந்த் சாகிபைத்தான்.

இரவில் கடைசிப் பிரார்த்தனை முடிந்ததும் நூலை மூடித் துணிகளால் போர்த்தி, தலையில் சுமந்து ஓய்வறைக்குக் கொண்டுபோவார்கள். இது 'சுகாசன்'. நம் கோவில்களில் பல்லக்கு வந்து பள்ளியறை நடை சாத்துவதைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சிபோலத் தோன்றும். ஆனால் இங்கே நைவேத்தியமோ அபிஷேகமோ அர்ச்சனையோ கிடையாது. நாள் முழுவதும் நடப்பது ஓதுவதும் பாடுவதும் கேட்பதும்தான்.

இதை மனத்தில் வைத்துப் பார்த்தால் குருத்வாராவுக்குப் போகிறவர் செய்ய வேண்டியவை தாமாகவே புரியும். காலணியைக் கழற்றி, கை கால் கழுவி, தலையைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். ஆண், பெண், எந்த மதத்தவர் என்ற வேறுபாடு இதில் இல்லை. கைக்குட்டை போதும், வாசலிலேயே துணி வைத்திருப்பார்கள். புகையிலையும் மதுவும் உள்ளே வரக் கூடாது. குருவின் முன் மண்டியிட்டு நெற்றி தரையில் படும்படி வணங்குவது சீக்கியர் வழக்கம். மற்றவர் கைகூப்பினாலும் போதும். பிறகு தரையில், குருவை நோக்கிக் கால் நீட்டாமல் உட்கார வேண்டும். பிரசாதத்தை இரண்டு கைகளையும் குவித்து ஏந்தி வாங்க வேண்டும்.

தரையில் உட்காருவதில் ஒரு கண்டிப்பும் உண்டு. சபையில் யாரும் தனக்கென்று மெத்தையோ நாற்காலியோ மனையோ போட்டுக்கொள்ளக் கூடாது. குருவுக்கு மட்டுமே உயர்ந்த ஆசனம். மற்ற எல்லோரும் ஒரே தரையில். அமைச்சர் வந்தாலும் அவருக்குத் தனி இருக்கை கிடையாது. 1920-இல் தீர்க்கப்பட்ட கேள்வி இந்தத் தரையில் தினமும் மறுபடி உறுதியாகிறது.

மரியாதை எங்கே முடிந்து உருவ வழிபாடு எங்கே தொடங்குகிறது? சீக்கியர்களுக்கே இது கவலை தரும் கேள்வி. சிரோமணி கமிட்டி 1945-இல் ஏற்ற நடத்தை விதித் தொகுப்பான 'ரெஹத் மர்யாதா' இங்கே கோடு கிழிக்கிறது. குரு கிரந்த் சாகிபின் முன் தீபமும் தூபமும் காட்டி ஆரத்தி எடுப்பது, மணி அடிப்பது, நைவேத்தியம் படைப்பது கூடாது. குருத்வாராவில் சிலை வைக்கக் கூடாது. இடம் மணக்க ஊதுபத்தி ஏற்றலாம். சடங்காக ஏற்றக் கூடாது. ஒரு நூலை அலங்கரிக்கும் ஆர்வத்தில் அதை ஓதாமல் விட்டுவிடும் அபாயத்தை விதி எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். பட்டு ருமாலாக்கள் குவிந்து, பாடலின் பொருள் கேட்பார் இல்லாத குருத்வாரா தன் வழியிலிருந்து விலகிவிட்டது என்று சீக்கியர்களே விமர்சிப்பதுண்டு.

இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. பாட்டியாலா மாவட்டத்தில் பிலாஸ்பூர் என்ற கிராமம். அங்கே ஒரு தர்மசாலையின் நிலம், வருவாய்த் துறைப் பதிவேட்டில் குரு கிரந்த் சாகிபின் பெயரில் இருந்தது. அதை சீக்கிய குருத்வாராவாக அறிவிக்க வேண்டும் என்று கிராமத்தினர் கேட்டார்கள். எதிர்த்தரப்பு அது உதாசி மடத்தின் சொத்து என்றது. ஒரு நூல் நிலத்துக்கு உரிமையாளராக இருக்க முடியுமா என்ற கேள்வி எழுந்தது. இந்துக் கோவிலின் தெய்வத்தைச் சட்டம் ஒரு 'நபராக' ஏற்று, சொத்து வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. ஆனால் கிரந்தத்தை அப்படி ஏற்றால் அதை விக்கிரகமாக்கிவிடுவோமே, சீக்கியம் அதற்கு எதிரானதாயிற்றே என்று உயர் நீதிமன்றம் மறுத்தது.

2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. குரு கிரந்த் சாகிப் சட்டத்தின் பார்வையில் ஒரு நபரே. அதே சமயம் விக்கிரகம் அல்ல என்று அது சொன்னது. சீக்கியர்கள் அதைக் குருவாக ஏற்பதால் கிடைக்கும் தகுதி அது. விக்கிரகத்துக்குச் செய்வது போன்ற பிரதிஷ்டை அதற்குத் தேவையில்லை. அப்படியானால் கடையில், அலமாரியில், வீட்டில் உள்ள ஒவ்வொரு படியும் தனித்தனி நபரா? இல்லை, குருத்வாரா போன்ற பொது இடத்தில் அமர்த்தப்படும்போதே அந்தத் தகுதி வருகிறது என்பது நீதிமன்றத்தின் விடை.

நீதிமன்றம் சட்டத்துக்காகச் சொன்ன இந்தக் கோடு பக்தர்களின் வழக்கத்தோடு முழுதாகப் பொருந்துவதில்லை. வீட்டில் வைத்தாலும் அவர் குருதான். அதனால்தான் பல குடும்பங்கள் வைத்துக்கொள்ளத் தயங்குகின்றன. தனி அறை வேண்டும், காலையில் பிரகாஷ், இரவில் சுகாசன், நடுவே கவனிக்க ஓர் ஆள். முடியாதவர்கள் அன்றாடப் பிரார்த்தனைகள் மட்டும் அச்சிட்ட 'குட்கா' என்ற கைப் புத்தகத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முழுப் படி விற்பனைச் சரக்கும் அல்ல. கொடுக்கும் தொகையை விலை என்று சொல்லாமல் 'பேட்டா', அதாவது காணிக்கை என்பார்கள். கிழிந்து பழுதான படிகளைப் பழைய தாளோடு போடுவதில்லை. கோயிந்த்வால் போன்ற இடங்களுக்குக் கொண்டுபோய், மனிதரைத் தகனம் செய்வதுபோல முறையாக எரியூட்டுகிறார்கள்.

எரியூட்டிய பிறகு புதிய படியில் அதே பாடல் அதே அங்கில் இருக்கிறது. தாளுக்கு இவ்வளவு மரியாதை செய்தாலும், குரு அந்தத் தாளில் முடிந்துவிடுவதில்லை என்பது சீக்கியர் நிலை. அந்தச் சொல்லை ஒருவர் ஓத, ஒரு சபை கேட்டு அதன்படி நடக்கும் வரை அவர்களுக்குக் குரு வாழ்கிறார்.